முப்பது நொடி ஜமக்காள வீடியோ: எந்த இசை எதுவரை செல்லும்?

பவானியில் ஒரு ஜமக்காளக் கடைக்கு முப்பது நொடி வீடியோ எடுத்துக் கொடுத்தேன். குழித்தறியில் ஒருவர் நெய்கிறார், பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நகர்கிறது, கடைசியில் கடையின் பெயர். இதில் சிக்கல் வருமென்று யாரும் நினைக்கவில்லை. கடைக்காரர் அதை இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் போட வேண்டும், கடை டிவியில் ஓடவிட வேண்டும், தீபாவளிக்கு முன் பணம் கட்டி விளம்பரமாகவும் விட வேண்டும் என்றார். ஒரே வீடியோ, நான்கு இடம். இசையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை விட இந்த நான்கு இடங்கள்தான் முக்கியம் என்பது எனக்கு அந்த வேலையில்தான் உறைத்தது.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: ஓடிக்கொண்டிருக்கும் சினிமாப் பாட்டு. அவர் மகன் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே ஒன்றைப் போட்டுவிட்டார். "எல்லாருந்தான் போடறாங்க, நமக்கென்னங்க ஆகப்போகுது?" என்றார் கடைக்காரர். ரீல் ஓடத்தான் செய்தது. பூஸ்ட் செய்யப் போனபோது, காப்புரிமை உள்ள இசை இருப்பதால் விளம்பரமாக விட முடியாது என்று திரையில் வந்துவிட்டது. ஆப்பில் கிடைக்கும் அந்தப் பாட்டுகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வாங்கிய உரிமையில் இருப்பவை. வியாபாரத்துக்கு என்றால் தனி உரிமம் வேண்டும். பிசினஸ் கணக்குகளில் பல பாட்டுகள் கண்ணிலேயே படாததற்குக் காரணமும் அதுதான். கணக்கு வகையை மாற்றிப் பாட்டை வரவழைக்கலாம், உரிமம் வராது.

"பதினைந்து நொடிக்குள் போட்டால் குற்றமில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி நொடிக்கணக்கு எதுவும் கிடையாது. ஒரு பாட்டில் மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. நாமே பாடிப் பதிவு செய்தால் மூன்றாவது மட்டும் விலகும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். சாமி பாட்டுக்கும் இதே கணக்குதான். திருப்புகழின் வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒரு பாடகர் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவு வேறு சரக்கு. அதற்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. வள்ளி கும்மிப் பாட்டும் அப்படியே. பழைய மெட்டு ஊருக்குப் பொது, கும்மி சொல்லித்தரும் ஆசிரியர் புதிதாக எழுதிய வரிகளும் அவர் குழு பதிவு செய்ததும் பொது இல்லை.

இரண்டாவது வழி, தளங்களே தரும் இலவச இசை. மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷனை வியாபார வீடியோவுக்குப் பயன்படுத்தலாம், பூஸ்டும் ஆகும். ஆனால் அந்த உரிமம் அவர்களுடைய தளங்களோடு முடிந்துவிடுகிறது. அதே கோப்பை யூடியூபிலோ கடை டிவியிலோ போட்டால் எல்லை தாண்டியதாகிவிடும். யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸைக் குறிக்கும் CC என்ற குறி இருக்கும். படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுக்கும் உரிமம் அது. அவற்றை எடுத்தால் படைத்தவர் பெயரை விவரப் பகுதியில் எழுத வேண்டும். கடை டிவிக்கு விவரப் பகுதி ஏது? பெயரைத் திரையிலேயே எழுத வேண்டியதுதான்.

வெளியில் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையில் இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் நான் கேட்கவே ஆரம்பிப்பேன். NC என்றால் வியாபாரத்துக்கு ஆகாது, அது பலருக்கும் தெரியும். ND என்றால் மாற்றக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, "நான் பாட்டை வெட்டவே இல்லையே" என்பார்கள். அந்த உரிமத்தின் கணக்கில், இசையை ஓடும் படத்தோடு பொருத்தினாலே அது மாற்றிய படைப்பு. ஆகவே ND இருந்தால் வீடியோவுக்கு வேண்டாம்.

மூன்றாவது வழி, ராயல்டி ஃப்ரீ இசை தரும் சேவைகளுக்குக் கட்டும் சந்தா. ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று பொருளில்லை. ஒவ்வொரு முறைக்கும் காசு கேட்க மாட்டார்கள் என்றுதான் பொருள். எடிட் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தன் சேனலுக்கென்று வாங்கிய மலிவான திட்டத்தை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கணக்கில் போகிற வீடியோவுக்கு இசை போடுவார்கள். பெரும்பாலான சேவைகளில் வாடிக்கையாளர் வேலைக்கும் விளம்பரத்துக்கும் வேறு திட்டம். சந்தா நடக்கும்போது வெளியிட்டது பிறகும் செல்லும். சந்தா முடிந்தபின் அதே இசையில் புது வீடியோ போட முடியாது. கடைக்காரரின் யூடியூப் சேனலை அந்தச் சேவையில் இணைக்காவிட்டால், இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி உரிமை கோரலாம். அது காப்புரிமை மீறலுக்காகச் சேனல் மேல் விழும் ஸ்ட்ரைக் இல்லை, பயப்பட வேண்டாம். ரசீதைக் காட்டி மறுக்கலாம். தொண்ணூறு நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனலே போகும்.

மாதம் நாலைந்து வீடியோ போடுகிற திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சந்தா சரி. வருடத்துக்கு இரண்டு வீடியோ போடுகிற ஜமக்காளக் கடைக்கு வீண்செலவு.

நாங்கள் கடைசியில் போனது நான்காவது வழி. தறிச் சத்தத்தையே முதலில் பதிவு செய்தோம். மிதிக்கட்டையை மிதிக்கும்போது ஒரு சத்தம், நாடா ஓடும்போது ஒன்று, பலகை அடிக்கும்போது ஒன்று. எட்டு நொடிக்கு அதுவே தாளமாக வந்தது. அதன் மேல் வாசிக்க உள்ளூர் நாயனக்காரர் ஒருவரையும் பம்பைக்காரர் ஒருவரையும் அழைத்தோம். அரை நாள் வேலை.

ஒரு விஷயத்தை இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம். சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நாயனக்காரர் அங்கேயே உட்கார்ந்து போட்ட மெட்டு அவருடையது. எழுத்தில் கொடுத்தால்தான் கடைக்கு வரும். எழுதும்போதும் கவனம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு என்றே கொள்வார்கள், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஏற்றுமதி செய்கிறவர் ஜெர்மனியில் இருக்கும் வாங்குபவருக்கு வீடியோவை அனுப்புவார், கடிதத்தில் உலகம் முழுவதும் என்ற இரண்டு சொல் இருக்காது. இன்னொன்று, உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய அது காலாவதியாகும்.

எங்கள் கடிதம் ஒரு பக்கம்தான். மெட்டு, வாசிப்பு, பதிவு மூன்றையும் வீடியோவிலும் விளம்பரத்திலும் எல்லாத் தளங்களிலும் பயன்படுத்தலாம், காலம் காப்புரிமை உள்ளவரை, இடம் உலகம் முழுவதும், கொடுத்த தொகை இவ்வளவு. இருவரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். "இதையெல்லாம் யாருங்க கேக்கறாங்க" என்று சிரித்தார் நாயனக்காரர், ஆனால் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

படங்களுக்கு வருவோம். பெக்ஸல்ஸ், பிக்ஸபே போன்ற இடங்களின் இலவசப் படங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் படத்தில் இருப்பவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா என்பது தனிக் கேள்வி. கட்டண இடங்களில் "எடிட்டோரியல் மட்டும்" என்று போட்டிருந்தால் செய்திக்குத்தான். காசு கட்டி வாங்கினாலும் விளம்பரத்துக்கு ஆகாது. கூகுளில் தேடி எடுத்த படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெசவுக்கு எங்களுக்குப் பெரிய கேமரா கூடத் தேவைப்படவில்லை, தறிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படமே போதுமாக இருந்தது.

எழுத்துருவில் தமிழுக்கு நல்ல காலம். கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வருபவை. வீடியோவில் எழுதத் தடையில்லை, எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. சிக்கல் வருவது டிடிபி கடைகளில் பென் டிரைவில் கைமாறிக் கைமாறி வந்த பழைய எழுத்துருக்களில்தான். யார் செய்தது, எந்த உரிமத்தில் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடையின் பெயர்ப் பலகை அப்படி ஒன்றில்தான் எழுதியிருந்தது. வீடியோவின் கடைசி ஃபிரேமில் பலகையைக் காட்டாமல், பெயரைக் கவிவனாரில் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இப்போது பலகையையும் மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.