அரைக்கையை முழுக்கை ஆக்க எது சரி: சாயமா, ஒட்டா, தூரிகையா?

மறைந்த அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டக் கேட்டு வருபவர்கள், "சட்டையை மட்டும் முழுக்கையா மாத்திடுங்க" என்று சேர்த்துச் சொல்வது ஸ்டுடியோ வேலையில் வழக்கம். போட்டோஷாப்பில் அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒரே படத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: வெளிர்நீல அரைக்கைச் சட்டை, நாற்காலிக் கைப்பிடியில் மடக்கி ஊன்றிய கை, இடப்பக்க சன்னல் வெளிச்சம்.

முதல் வழி சாயம். கையைத் தேர்ந்தெடுத்து, மேலே ஒரு லேயரில் சட்டை நிறத்தைப் பூசி, அந்த லேயரின் கலப்பு முறையை Multiply அல்லது Color என வைப்பது. அடியிலுள்ள தோலின் நிழல் அப்படியே கிடைப்பதால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் Multiply இருட்டத்தான் செய்யும், வெளுக்காது. மாநிறக் கையின் மேல் வெளிர்நீலம் பூசினால் அழுக்குச் சாம்பல்தான் வரும். Color வைத்தாலோ நிறம் மாறும், நரம்பும் முடியும் தோலின் மினுமினுப்பும் மாறாது. துணி போட்ட கையாக இல்லாமல் பெயின்ட் அடித்த கையாக நிற்கும். கருநீலம், கறுப்புச் சட்டையில், சின்ன பிரின்ட் என்றால் மட்டும் ஒப்பேறும்.

இரண்டாவது ஒட்டு. சட்டையின் மார்புப் பகுதியை நகலெடுத்து Warp கொண்டு கையின் மேல் வளைப்பது. நெசவு, நிறம், படத்தின் மணல்தன்மை எல்லாம் அசலோடு ஒத்துப்போகும். சிக்கல் வெளிச்சத்தில்தான். மார்புத் துணி தட்டையாக ஒளி வாங்கியது, கை உருளை. வளைத்து ஒட்டியதும் அட்டையைச் சுற்றியது போல் இருக்கும். மார்பிலிருந்த மடிப்பே கையிலும் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும்.

அதனால் சாதாரணச் சட்டைக்கு என் ஓட்டு தூரிகைக்கு. நேரம் அதிகம்தான், ஆனால் துணி எங்கே தொங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்பதை இதில் மட்டுமே முடிவுசெய்ய முடியும்.

முதலில் பழைய அரைக்கையின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். அரைக்கை கீழே அகலமாக விரிந்து நிற்கும். அங்கிருந்தே கோட்டை நீட்டினால் மணி வடிவில் முடியும். விளிம்புத் தையலையும், அது தோலில் விழுத்திய நிழலையும் சேர்த்து மூடிவிட்டு, தோளிலிருந்தே புதிதாகப் படிப்படியாகக் குறுகும் கோடு போட வேண்டும். அந்தக் கோடு கைக்கு இணையாக ஓடக்கூடாது. முன்கையின் மேற்பக்கம் துணி ஒட்டியிருக்கும், கீழ்ப்பக்கம் தொங்கும். கைப்பிடியில் ஊன்றிய இடத்தில் நசுங்கித் தட்டையாகும்.

உள்ளே நடுத்தர நீலத்தை நிரப்பிய பிறகு மடிப்பு. மடங்கிய கையில் எல்லா மடிப்பும் முழங்கையின் உட்குழியிலிருந்து விசிறி போல் விரியும். வெளிப்பக்கம் துணி இழுபட்டு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கையைவிட நீளமான துணி சேர்ந்து கோணல்மாணலாக இரண்டு மூன்று வளையம் விழும். நிழலுக்கு ஒரு Multiply லேயர், ஒளிக்கு ஒரு Screen லேயர். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு ஓரம் கூர்மையாகவும், மறு ஓரம் கரைந்தும் போக வேண்டும். இரண்டு பக்கமும் மென்மையாக விட்டால் துணி ரப்பராகிவிடும். அதே சட்டை மாதிரி ஒன்றைப் போட்டு, அதே சன்னல் பக்கம் கையை ஊன்றி மொபைலில் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

கஃப் அளவுக்குச் சட்டைப் பட்டனே அளவுகோல். பட்டன் சுமார் 11 மி.மீ., கஃப் அகலம் சுமார் 6 செ.மீ. எனில் படத்திலுள்ள பட்டனைப் போல் ஐந்தரை மடங்கு. கஃப்பின் வளைவு, கை கேமராவை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதைப் பொறுத்துத் திரும்பும். கஃப் ஓரத்தில் கையின் மேல் மெல்லிய நிழல் ஒன்றைத் தவறாமல் போட வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கை தனியாக மிதக்கும்.

தூரிகைப் பரப்பு அசலைவிட வழவழப்பாக இருப்பதால் Add Noise-இல் Gaussian, Monochromatic தேர்ந்து சிறிதளவு மணல் சேர்க்கலாம். அளவை நூறு சதவீதப் பெரிதாக்கலில், மார்புத் துணியோடு ஒப்பிட்டு முடிவுசெய்வது நல்லது. மடிப்பு சரியா என்று பார்க்கப் படத்தைக் கறுப்புவெள்ளையாக்கிச் சிறிதாக்குவேன். கை குழாய் போல் தெரிந்தால் மடிப்புகள் சம இடைவெளியில் விழுந்துவிட்டன என்று அர்த்தம்.

கட்டம் போட்ட சட்டை என்றால் கணக்கே வேறு. கட்டங்களைக் கையால் வரைவது வீண் வேலை. அங்கே ஒட்டுதான், ஆனால் தூரிகையின் துணையோடு. மடிப்புகளைச் சாம்பல் நிறத்தில் தனியாக வரைந்து, லேசாக Blur செய்து, PSD கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு ஒட்டிய துணி லேயரில் Displace கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால், 0 முதல் 255 வரையிலான அளவில் நடுவான 128 சாம்பல் இருக்கும் இடத்தில் கட்டம் நகராது. அதைவிட இருண்ட, வெளுத்த இடங்களில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து மடிப்போடு வளையும். அதே மடிப்புகளை மேலே நிழலாகவும் வைத்தால் கோடும் நிழலும் ஒரே இடத்தில் விழும்.