நெஸ்டிங் மென்பொருளோடு 4 வருஷம்: 3 மில்லி இடைவெளி, ஹேர்லைன் ரேகை, பொதுக்கோடு

கோவை கணபதியில் ஒரு ஃபைபர் லேசர் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். பம்ப் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு மூடித் தகடு வெட்டுவதுதான் அதிகம். ஷீட்டில் பீஸ்களை இடம் வீணாகாமல் அடுக்குவதைத்தான் நெஸ்டிங் என்கிறோம்; அதற்கு Deepnest என்ற இலவச மென்பொருளை 4 வருஷமாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு அது ஷீட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது, மூக்கையும் உடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆர்டரில் நடந்தன.

ஆர்டர் 240 மூடிகள். 1.2 மில்லி ஸ்டெய்ன்லெஸ், ஒரே திசையில் மெல்லிய ரேகைகள் ஓடும் ஹேர்லைன் ஃபினிஷ், ஒவ்வொன்றும் 411 × 300 மில்லி. ரேகை 411 பக்கமாக ஓட வேண்டும். ஷீட் 2500 × 1250, ரேகை அதன் நீளவாக்கில். ஓரத்தில் நாலு பக்கமும் 5 மில்லி விட்டு, ஷீட்டை 2490 × 1240 என்று வரைந்து கொடுத்தேன். Space between parts என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 5 போட்டேன். 22 பீஸ் வந்தது. சந்தோஷமாக வெட்டிவிட்டோம்.

ஷீட்டின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அதனால் ரேகை சட்டென்று கண்ணில் படாது. வாடிக்கையாளர் படலத்தை உரித்து மூடிகளை வரிசையாக மாட்டியபோதுதான் சில மட்டும் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுத்துத் தெரிந்தன. “ஏனுங்க, இதென்ன ரெண்டு வகைத் தகடா?” என்று போனில் கேட்டார். தகடு ஒன்றுதான். Part rotations 4 என்று இருந்ததால் மென்பொருள் 90 டிகிரி திருப்பிக்கொள்ள அனுமதி இருந்தது. நேராக அடுக்கினால் 5 வரிசையில் 4 வீதம் 20 பீஸ்தான். மிச்ச இடத்தில் இரண்டைக் குறுக்கே படுக்க வைத்து அது 22 ஆக்கியிருக்கிறது. அதன் மேல் தப்பில்லை, ரேகை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இப்போது ஹேர்லைன் என்றால் அந்த எண் 2. அதாவது 0, 180 டிகிரி மட்டும். இந்த அமைப்பு எல்லா பீஸுக்கும் ஒன்றுதான், இது எனக்குப் பெரிய குறை. உள்ளே போகும் பிராக்கெட் எப்படித் திரும்பினாலும் யாருக்கும் கவலையில்லை, ஆனால் மூடியைக் கட்டினால் அதுவும் கட்டுப்படும். அதனால் மூடிகளை முதலில் அடுக்கி, மிஞ்சும் துண்டை இன்னொரு ஷீட்டாக வரைந்து பிராக்கெட்டுகளைத் தனியாக ஓட்டுகிறேன்.

சரி, 2 என்று வைத்ததும் கணக்கு 20க்கு இறங்கியது, 12 ஷீட் வேண்டும். ஆறாவது வரிசை ஏன் உட்காரவில்லை என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆறு 411 என்றால் 2466. நடுவே ஐந்து இடைவெளி, 5 மில்லி வீதம் 25. மொத்தம் 2491. ஒரே ஒரு மில்லியில் ஒரு வரிசை முழுக்கப் போகிறது! இடைவெளியை 3 ஆக்கினேன், 24 பீஸ் உட்கார்ந்தது. 10 ஷீட்டில் ஆர்டர் முடிந்தது. ஒரு ஷீட் கிட்டத்தட்ட 30 கிலோ, விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் 3 மில்லி சும்மா கிடைக்காது. லேசர் பீஸின் கோட்டுக்கு வெளியே துளைபோட்டு, அங்கிருந்து கோட்டுக்குள் வரும் சின்ன வழியை லீட்-இன் என்போம். எங்கள் மெஷினில் அது 4 மில்லியாக இருந்தது. இடைவெளி 3 ஆனதும், துளை பக்கத்துப் பீஸின் ஓரத்தில் விழுந்தது. அரிசி முனை அளவில் ஒரு கறுப்புக் கடி. முதல் ஷீட்டில் இரண்டாவது பீஸை எடுத்ததும் ஆபரேட்டர் தம்பி விரலால் தடவிச் சொல்லிவிட்டான். லீட்-இன்னை 1.5 ஆக்கினோம், தீர்ந்தது. நெஸ்டிங்கில் லீட்-இன் வரையப்படாது, மெஷின் பக்கம்தான் பார்க்க வேண்டும். 12 மில்லி மைல்டு ஸ்டீல் பிளேட்டுக்கு இந்த 3ஐக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சூடு அதிகம், தெறிப்பும் அதிகம். நான் பிளேட் கனத்துக்குச் சமமாக விடுகிறேன்.

அப்புறம் Merge common lines. இடைவெளியை 0 ஆக்கி இதை டிக் செய்தால், ஒட்டி நிற்கும் இரண்டு பீஸுக்கும் ஒரே கோடு வெட்டும். இதே 24 மூடிகளைத் தனித்தனியாக வெட்டினால் வெளிக்கோடு மட்டும் 34 மீட்டர். முழுக் கட்டமாகப் பொதுக்கோட்டில் வெட்டினால் 21 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே. ஆசை வரத்தான் செய்யும். வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பீஸையும் சுற்றிப் பிடித்திருக்க மிச்சத் தகடு இல்லாததால், பாதிக்கு மேல் போனதும் பீஸ்கள் நகர ஆரம்பித்தன, ஒன்று நிமிர்ந்து நாசிலை உரசியது. அளவும் குறைந்தது: வெட்டு அகலம் 0.15 மில்லி, பொதுக்கோட்டில் அதை இரு பக்கமும் பாதி பாதியாக இழக்கின்றன. நான்கு பக்கமும் பொதுக்கோடானால் 411 வரைந்தது 410.85 ஆக வரும்.

இப்போது இரண்டிரண்டாக மட்டும் ஜோடி சேர்க்கிறேன், 411 பக்கம் ஒட்டும்படி. ஜோடிக்கு ஜோடி 3 மில்லி உண்டு. வெட்டு 29 மீட்டர் சொச்சம். பொதுக்கோட்டை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வைத்து, அதில் இரண்டு இடத்தில் 0.4 மில்லி ஒட்டு விடுகிறோம். பொதுக்கோடு வரும் பக்கத்தில் மட்டும் வரைபடத்தில் 0.07 கூட்டிக்கொள்கிறேன். பீஸ்கள் நகர்வதும் நிமிர்வதும் நின்றுவிட்டன. அந்த ஒட்டை ராவ ஒரு ஆள் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, அதை இன்னும் விலையில் சேர்க்கவில்லை.