கீமோவுக்கு முன்பே முடியை வெட்டுவதா, கொட்டும்வரை விடுவதா?

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தேதி குறித்துக் கொடுத்தபோது நான் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வியே முடி போகுமா என்பதுதான். எனக்கு எழுதியிருந்தது ஏ.சி. என்று சொல்லும் கீமோ. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு இரண்டும் சேர்ந்தது, வார்டில் எல்லோரும் சிவப்பு மருந்து என்பார்கள். 21 நாளுக்கு ஒன்றாக 4 தடவை, அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்ஸல். இந்த வரிசையில் முடி அநேகமாகப் போய்விடும், முதல் கீமோ முடிந்து இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் கொட்ட ஆரம்பிக்கும் என்றார். எல்லா கீமோவும் இப்படி இல்லை. சில மருந்தில் முடி லேசாக மெலிவதோடு சரி. அதனால் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கொட்டும் என்று தெரிந்த பிறகு முன்னால் மூன்று வழி இருந்தது. இருக்கும் நீளத்தோடு அப்படியே விட்டு, கொட்டுவதைப் பார்த்து முடிவு செய்வது ஒன்று. கீமோவுக்கு முன்பே மொட்டை போட்டுவிடுவது இன்னொன்று. முன்பே கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, கொட்டத் தொடங்கியதும் டிரிம்மரால் ஒட்ட எடுத்துவிடுவது மூன்றாவது. நான் செய்தது மூன்றாவது. இடுப்பைத் தொடும் முடியை அப்படி வெட்ட மனசு வரவில்லைதான், ஆனாலும் திரும்ப இதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன். காரணம் ஒன்றே ஒன்று: சிக்கு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கீமோவில் கொட்டும் முடி கட்டுக்கட்டாகத் தரையில் விழுந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். குட்டை முடி என்றால் அது சரி, விரலை விட்டாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நீள முடி அப்படி இல்லை. வேரிலிருந்து கழன்ற முடி கீழே விழாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் முடியோடு பின்னிக்கொண்டு அங்கேயே நிற்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் முடி வேரிலிருந்து கழன்று அதிலேயே சிக்கும். பாதி செத்தது, பாதி உயிருள்ளது. சீப்பை விட்டால் செத்த முடி வராது, வேரோடு இருக்கும் முடிதான் இழுபடும். அந்த நேரத்தில் உச்சந்தலை ஏற்கெனவே ரணமாக வலித்துக்கொண்டிருக்கும், இறுக்கிச் சடை போட்டு ஒரு நாள் முழுக்க விட்ட மாதிரி.

எனக்குப் பக்கத்துப் படுக்கையில் கீமோ ஏற்றிக்கொண்ட தேனிப் பக்கத்து அக்கா முதல் வழியில் போனவர். என்னைவிட நீளமான, அடர்த்தியான முடி. "கொட்டுறப்போ கொட்டட்டும், நானா போயி எதுக்கு வெட்டணும்" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சிலருக்கு முழுக்கக் கொட்டாமல் தங்குவதும் உண்டு, அவருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. பதினெட்டாம் நாள் கொத்தாக வந்திருக்கிறது. தலைக்கு ஊற்றினால் உதிர்வதெல்லாம் உதிர்ந்துவிடும் என்று சீயக்காய் போட்டு உச்சியில் குவித்துத் தேய்த்துக் குளித்திருக்கிறார். காய்ந்த பிறகு பிடரியில் முடி ஒரே கட்டியாகத் திரண்டுவிட்டது. இரண்டாவது கீமோவுக்கு வந்தபோது நான் தொட்டுப் பார்த்தேன். கம்பளியைச் சுருட்டித் தைத்தது போல இருந்தது, விரல் உள்ளே போகவில்லை. ஒரு பக்கம் தலையில் ஒட்டியும் இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டும் இருந்ததால் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் மகள் கத்தரிக்கோலை உச்சந்தலைக்கும் கட்டிக்கும் நடுவே சாய்த்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். அக்கா அழுதது முடிக்காக இல்லை, வலிக்காக. அந்த முடி கடைசியில் எதற்கும் உதவவும் இல்லை.

முன்பே வெட்டினால் சடை முழுசாகக் கையில் இருக்கும். தலைக்குக் குளித்து நன்றாகக் காயவைத்து (ஈரத்தோடு பின்னி வெட்டினால் நாறிவிடும்), தளர்வாகச் சடை போட்டு, மேலும் கீழும் ரப்பர் பேண்டு மாட்டி, மேல் ரப்பருக்கு ஒரு விரல் மேலே வெட்டச் சொன்னேன். இப்போது துணிப்பையில் இருக்கிறது. விக் செய்யக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம், கொட்டிய முடியில் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிடும், அதில் நல்ல விக் வராது. முழு விக்குக்கு ஒருவரின் முடி மட்டும் போதாமல் போவது சகஜம் என்பதையும் கணக்கில் வையுங்கள். முன்னாலும் ஓரத்திலும் மட்டும் முடி வைத்து மேலே துணி கட்டிக்கொள்ளும் வகைக்குக் குறைவாகவே தேவைப்படும்.

சரி, அப்படியென்றால் நேராக மொட்டையே போட்டுவிடலாமே? வீட்டில் அத்தை அதைத்தான் சொன்னார், சமயபுரத்துக்கு வேண்டுதலும் இருந்தது. கீமோவுக்கு முன்பே போட்டுக்கொண்டு மனசு நிம்மதியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தயக்கம் இரண்டு. முதல் கீமோவிலிருந்து கொட்டும்வரை கிடைக்கிற அந்த இரண்டு வாரம் எனக்கு வேண்டியிருந்தது, வேலைக்குப் போனேன், ஒரு கல்யாணத்துக்கும் போனேன். இன்னொன்று பிளேடு. மழித்த தலையில் பிளேடு கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்காவது இருக்கும். கீமோவுக்குச் சில நாள் முன்பு என்றால் அது ஆறிவிடும். ஆனால் கீமோ ஏற்றிய பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கி, சின்னக் கீறலிலும் கிருமி தொற்றக்கூடிய காலம். அந்த நாட்களில் போய்ப் பிளேடால் மொட்டை போடுவது சரியில்லை. வேண்டுதல் இருந்தால் முதல் கீமோவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லை சிகிச்சை முடிந்து முடி வளர்ந்த பிறகு செலுத்துங்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதே கணக்குத்தான் கழுத்தளவு வெட்டும் நாளையும் முடிவு செய்தது. முதல் நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும், அப்புறம் கவுண்ட் இறங்கும் வாரம், அப்போது கூட்டமான பார்லரில் உட்கார முடியாது. அதனால் கீமோவுக்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். தாடை வரை வரும் பாப் கட். பாய் கட் இன்னும் வசதி என்று பார்லர் பெண் சொன்னாள். நான் பாப் எடுத்ததற்குக் காரணம் வகிட்டை இடம் மாற்ற வழி இருக்கும் என்பதுதான், அது பின்னால் உதவியது.

இடைப்பட்ட நாட்களில் செய்தது அதிகம் இல்லை. சடை, கொண்டை, கிளிப் எதுவும் இல்லை, இழுக்கும் எதையும் தலையில் போடவில்லை. கல்யாணத்துக்கு ஹேர்பின் குத்தாமல் துணி ஹேர்பேண்டில் இரண்டு கண்ணி மல்லிகையை நூலால் கட்டி வைத்துக்கொண்டேன், கனமே தெரியவில்லை. அகலப் பல் உள்ள மரச்சீப்பு, அதுவும் நுனியிலிருந்து மேலே போகும்படி. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளியல், வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை ஷாம்பூ, குவித்துத் தேய்க்காமல் மேலிருந்து கீழாகத் தடவி விடுவது. டிரையர், டை இரண்டையும் தொடவில்லை.

பதினான்காம் நாள் ராத்திரி தலையணையில் தலையை வைத்ததும் உச்சி வலித்தது. மறுநாள் சீப்பில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. பதினாறாம் நாள் நடுவகிடு அகலமாகத் தெரிந்தது, வகிட்டை இடப்பக்கம் தள்ளிக் குறுக்காக வாரினேன், மூடிவிட்டது. பதினேழாம் நாள் அதுவும் போதவில்லை, அம்மாவின் பழைய நூல் புடவையில் கிழித்த துணியை ஹேர்பேண்டு மாதிரி அகலமாகக் கட்டி, முன்னாலும் ஓரத்திலும் முடி தெரிகிற மாதிரி விட்டேன். வெளியில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில்தான் எங்கும் முடி, சாப்பாட்டில் வந்தது, குளியலறைத் தண்ணீர் போகும் வாயை அடைத்தது. சாக்கடை மூடியின் மேல் ஒரு பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

எப்போது டிரிம்மரை எடுப்பது என்பதற்கு நான் முன்பே ஒரு அடையாளம் வைத்திருந்தேன்: இழுக்காமல் விரலை விட்டாலே முப்பது நாற்பது முடி வந்தால் அன்றைக்கே. பத்தொன்பதாம் நாள் காலை அது நடந்தது. சாயங்காலம் தம்பி வந்தான். மொட்டைமாடியில் ஸ்டூல் போட்டு, முதலில் கத்தரிக்கோலால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, அப்புறம் ஸ்பிரிட்டில் துடைத்த புது டிரிம்மரில் 6 மில்லிமீட்டர் சீப்பை மாட்டி எடுத்தான். "தலையைக் கொஞ்சம் குனிக்கா" என்று இரண்டு தடவை சொன்னதைத் தவிர அவன் எதுவும் பேசவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது, வலியும் அன்று ராத்திரியே பாதி குறைந்தது, முடியின் கனம் இழுக்காததால் இருக்கலாம்.

இந்த வழியிலும் ஒரு தொல்லை உண்டு. ஒட்ட வெட்டிய முடியும் கொட்டத்தான் செய்யும், கொட்டும்போது முள்ளாகக் குத்தும். தொப்பியில், தலையணை உறையில், கழுத்தில் எல்லாம். 3 மில்லிமீட்டர் வைத்திருந்தால் குத்தல் குறைந்திருக்குமா கூடியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நான் ஒரு அளவைத்தான் பார்த்தேன். தலையைக் குளிரவைக்கும் தொப்பி போட்டு முடியைக் காப்பாற்றும் முறையையும் நான் முயன்றதில்லை. அதில் போகிறவர்கள் முடி வெட்டுவது பற்றி அந்த இடத்தில் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

முள் முடிக்குக் கைகொடுத்தது அகலமான செல்லோடேப். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றிக்கொண்டு, தினமும் படுக்கும் முன் தலையில் அழுத்தாமல் ஒற்றி எடுப்பேன், வரத் தயாராக இருப்பது மட்டும் வரும். ராத்திரி மெல்லிய பருத்தித் தொப்பி, காலையில் அதை மொட்டைமாடியில் உதறிவிடுவது. இரண்டாவது கீமோவுக்கு அப்புறம் பத்து நாளில் அந்த முள்ளும் போய்விட்டது, மூன்றாவது கீமோவுக்குப் பை கட்டும்போது டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.