66 கி.மீ வேகம், 605 மீட்டர் தூரம்: நெருக்கமான ஆப்ஷன்களில் எந்த வழி கைகொடுக்கும்?

245 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 66 கி.மீ வேகத்தில், 360 மீட்டர் நீளமுள்ள பாலத்தை எவ்வளவு நேரத்தில் முழுதாகக் கடக்கும்? ஆப்ஷன்கள்: 32.4 வினாடி, 33 வினாடி, 33.6 வினாடி, 34 வினாடி.

வேகம் கி.மீ-யில், தூரம் மீட்டரில், விடை வினாடியில். கடக்க வேண்டிய தூரம் ரயிலும் பாலமும் சேர்த்து 245 + 360 = 605 மீட்டர். இதுவரை யாருக்கும் சிக்கல் இருக்காது. அடுத்து அலகை எங்கே, எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் விடை தப்புகிறது. அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இந்த ஒரே கணக்கை நான்கிலும் போட்டுப் பார்ப்போம்.

முதல் வழி, மணிக்கு கி.மீ வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்ற எல்லோரும் முதலில் படிக்கும் 5/18. 66 × 5/18 = 330/18. இங்கே பலரும் வகுத்து 18.33 என்று எழுதி, பெரிய எண்ணை வகுக்கச் சோம்பி 18 என்று வைத்துக்கொள்கிறார்கள். 605 ÷ 18 = 33.6. அது மூன்றாவது ஆப்ஷனாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கேள்வி தயாரிப்பவர் அதை அங்கே வைத்ததே இதற்காகத்தான். அதே 330/18-ஐ 55/3 என்று பின்னமாகவே விட்டிருந்தால் 605 × 3/55 = 11 × 3 = 33. தசமப்புள்ளியே வராமல் விடை வந்துவிடுகிறது. ஆக, 5/18 வழியில் குறை இல்லை. பின்னத்தைப் பாதியில் உடைப்பதில்தான் குறை.

இரண்டாவது வழி, வேகத்தைத் தொடாமல் தூரத்தை கி.மீ-க்கு மாற்றுவது. 605 மீட்டர் என்பது 0.605 கி.மீ. 0.605/66 மணி நேரம்; வினாடிக்கு மாற்ற 3600-ஆல் பெருக்கினால் 2178/66 = 33. விடை சரி, ஆனால் பாதை கரடுமுரடு. அவசரத்தில் 0.605 என்பதை 0.65 என்று எழுதிவிட்டால் 35-க்கு மேல் போய்விடும். ரயில், பாலம், நடைமேடை போன்ற மீட்டர் கணக்குகளுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டோம். தூரம் கி.மீ-யிலும் நேரம் நிமிடத்திலும் தரும் கணக்குகளுக்கு இதுவே சிறந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது, பயிற்சி வகுப்புகளில் குறைவாகவே சொல்லப்படும் நிமிட வழி. மணிக்கு 66 கி.மீ என்றால் 60 நிமிடத்தில் 66,000 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1,100 மீட்டர். அரை நிமிடத்தில் 550. மீதம் 55 மீட்டர். 30 வினாடிக்கு 550 என்றால் 3 வினாடிக்கு 55. மொத்தம் 33 வினாடி. பேனா தேவையில்லை. மணிக்கு 6 கி.மீ என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர் என்ற ஒரே உறவை நினைவில் வைத்தால் போதும்: 48 என்றால் 800, 60 என்றால் 1,000, 75 என்றால் 1,250.

நான்காவது, ஆப்ஷனிலிருந்து பின்னோக்கிப் போவது. நான்கு ஆப்ஷன்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர்கள் நேரத்தை இழக்கிறார்கள். ஒன்றைச் சோதித்தாலே போதும். 34 வினாடியை எடுத்தால் 34 × 55/3 = 623⅓ மீட்டர். தேவையானதைவிட 18⅓ மீட்டர் அதிகம். ஒரு வினாடியில் ரயில் போவதும் அதே 18⅓ மீட்டர்தான். எனவே ஒரு வினாடி குறைவு, 33. ஆனால் 33-க்கும் 33.6-க்கும் இடையே தூர வித்தியாசம் வெறும் 11 மீட்டர். அதனால் இங்கேயும் பின்னத்தை உடைக்கக் கூடாது. உடைத்துவிட்டால் இந்த வழி தப்பான விடையைத்தான் உறுதிப்படுத்தும்.

அப்படியானால் தோராயமே கூடாதா? கூடும், அளவு தெரிந்தால். அடுத்தடுத்த இரண்டு ஆப்ஷன்களுக்கு இடையே உள்ள இடைவெளி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்கள் தோராயப் பிழை அதில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். இங்கே 33-க்கும் 33.6-க்கும் இடைவெளி சுமார் 1.8%. அனுமதிக்கக்கூடிய பிழை 0.9%. 18.33-ஐ 18 ஆக்கினால் பிழையே 1.8%, நேராகப் பக்கத்து ஆப்ஷனில் போய் விழுகிறது. 18.3 ஆக்கினால் 0.2%கூட இல்லை, 605 ÷ 18.3 = 33.06, பாதுகாப்பானது. ஆப்ஷன்கள் 25, 33, 40, 48 என்று இருந்திருந்தால் 18 என்று வைத்தும் தப்பித்திருக்கலாம். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன்பே ஆப்ஷன்களை ஒரு பார்வை பார்ப்பது அவசியம்.

எந்த வழி என்பதை வேகத்தின் எண்ணே சொல்லிவிடும். 36, 54, 72, 90 போல 18-இன் மடங்கு என்றால் 5/18 வழியே போதும்: 10, 15, 20, 25 என்று முழு எண்ணாக விழும். 48, 60, 66, 75 போல 18-ஆல் வகுபடாமல் 3-ஆல் சுத்தமாக வகுபடும் எண் என்றால் நிமிட வழி. 40, 50, 70, 80 போல 3-ஆல் வகுபடாவிட்டால் இரண்டிலும் தசமம் முடியாமல் நீளும். அங்கே பின்னத்தைக் கடைசி வரி வரை இழுத்துக்கொண்டு போவது ஒன்றே வழி.

இரண்டு ரயில்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். எதிரெதிரே 38, 42 கி.மீ வேகத்தில் வரும் இரண்டு ரயில்களின் மொத்த நீளம் 300 மீட்டர் என்று வைப்போம். முதலில் கூட்டி 80, பிறகு மாற்றினால் 200/9; 300 × 9/200 = 13.5 வினாடி. தனித்தனியாக மாற்றி 10.5, 11.6 என்று வெட்டிவிட்டுக் கூட்டினால் 22.1, விடை 13.57. ஆப்ஷனில் 13.5-ம் 13.6-ம் இருந்தால் கை 13.6-க்குத்தான் போகும். ஒரே திசையில் போனால் நிலைமை மோசம். வித்தியாசம் 4 கி.மீ, அதாவது 10/9. சரியான விடை 270 வினாடி. தனித்தனியாக மாற்றும்போது ஒன்றை 11.7 என்று ஏற்றி, மற்றதை 10.5 என்று வெட்டினால் வித்தியாசம் 1.2 ஆகி, விடை 250-க்கு இறங்கிவிடும். சிறிய வித்தியாசத்தில் சிறிய பிழையும் பெரிதாகத் தெரியும். கூட்டலோ கழித்தலோ, கி.மீ-யிலேயே முடித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இனி கி.மீ-யிலேயே நிற்க வேண்டிய கணக்கு. 100 கி.மீ தூரத்தை 1 மணி 20 நிமிடத்தில் கடக்கும் காரின் வேகம் என்ன? ஆப்ஷன்கள் 75, 76, 77, 83⅓. 1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதுபவர்களுக்கு 83⅓ காத்திருக்கிறது. 1.3 என்று தோராயமாக்குபவர்களுக்கு 76.9 வரும், 77-ஐக் குறித்துவிடுவார்கள். 80 நிமிடம் என்று எழுதினால் 100 × 60/80 = 75. இதில் 5/18-க்கு வேலையே இல்லை. மீட்டருக்கு மாற்றப் போனால் பூஜ்ஜியங்கள் கூடுவதுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தில் நெருக்கமான ஆப்ஷன்கள் உதவவும் செய்யும். 5/18-க்குப் பதில் 18/5 போட்டுவிட்டால் விடை ஏறத்தாழ 13 மடங்கு மாறிவிடும். 33 வினாடிக்குப் பதில் 2.5 வினாடி வரும், அது எந்த ஆப்ஷனிலும் இருக்காது. பாலத்தின் நீளத்தை மறந்து 245-ஐ மட்டும் எடுத்தால் சுமார் 13.4 வினாடி, அதுவும் இருக்காது. வந்த விடை எல்லா ஆப்ஷன்களையும் விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் அலகு மாற்றிய திசையையும் நீளத்தையும் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு ஆப்ஷனை ஒட்டி வந்து, ஆனால் சரியாகப் பொருந்தாமல் நின்றால், தசமத்தை வெட்டிய வரிக்குப் போங்கள்.