அமுக்கிப் பேசுவதா, மைக்கைத் திறந்தே வைப்பதா: குரல் எங்கே வெட்டுப்படுகிறது?

வேலரண்ட் கேமில் அசென்ட் மேப். ஒருவர் சொல்கிறார்: "பி மெயின்ல ரெண்டு பேரு, ஸ்பைக் அங்க இல்ல." ஓப்பன் மைக்கில் முதல் எழுத்து விழுந்தால் அணிக்குக் கேட்பது "மெயின்ல ரெண்டு பேரு". அந்த மேப்பில் ஏ மெயினும் உண்டு. பட்டனை அமுக்கிப் பேசும் புஷ் டு டாக்கில் விரலைச் சற்று முன்னே எடுத்துவிட்டால் கேட்பது "ஸ்பைக் அங்க". நம் பேச்சில் 'இல்ல' கடைசியில்தான் வரும் என்பதால் செய்தியே தலைகீழாகிவிடும். ஓப்பன் மைக் தலையைத் தின்னும், புஷ் டு டாக் வாலைத் தின்னும். இரண்டில் எதை வைத்தாலும் செட்டிங் செய்வது இதைச் சரிபண்ணத்தான்.

ஓப்பன் மைக் ஒரு சத்த அளவை வாசலாக வைத்திருக்கிறது. குரல் அதைத் தாண்டினால்தான் திறக்கும். சித்திரை வெயிலில் மதுரை வீட்டில் ஃபேனை ஐந்தில் வைக்காமல் உட்கார முடியாது. அதனால் டிஸ்கார்டில் அளவு வைக்கும்போது ஃபேன் முழு வேகத்தில் ஓடட்டும். `Voice & Video` பக்கத்தில் தானாகக் கணிக்கும் வசதியை அணைத்துவிட்டு, பேசாமல் இருந்து பட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். -55 டெசிபெலில் நிற்கிறது, மெதுவாகப் பேசினால் -35 வரை வருகிறது என்றால், கோட்டை -50 பக்கம் வையுங்கள். நடுவில் வைக்கத் தோன்றும், ஆனால் ஃபேனை ஒட்டி வைத்தால்தான் முதல் எழுத்து தப்பும். `Automatic Gain Control` ஓடினால் நாம் பேசாத நேரத்தில் ஃபேன் சத்தத்தைத் தூக்கிக்கொண்டே போகும். அதை அணைத்துவிட்டு அளவு எடுங்கள்.

ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தத்தை நாய்ஸ் சப்ரஷன் நன்றாகவே அடக்கும். குக்கர் விசில், வாசலில் ஆட்டோ ஹாரன், கரண்ட் போனதும் கத்தும் யுபிஎஸ் போன்ற திடீர்ச் சத்தங்கள்தான் அடிக்கடி நழுவி உள்ளே வரும். அணியில் ஒருவர் மட்டும் மிஞ்சி, காலடிச் சத்தத்தை வைத்து எதிரியைத் தேடும் நேரத்தில் ஒரு விசில் போதும், ரவுண்ட் போய்விடும். ஹெட்செட் இல்லாமல் ஸ்பீக்கரில் ஆடுபவர் ஓப்பன் மைக் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் குரல் அவர்களுக்கே திரும்பிக் கேட்கும்.

புஷ் டு டாக்கில் பிரச்சினை விரல். வேலரண்ட் தருவது V. அதை அமுக்க ஆள்காட்டி விரல் D-ஐ விட்டு இறங்க வேண்டும், பேசும் வரை வலப்பக்கம் நகர முடியாது. விலை குறைந்த கீபோர்டில் இன்னொரு சிக்கல்: Shift, W இரண்டையும் பிடித்தபடி மூன்றாவது பட்டனை அமுக்கினால் சில சேர்க்கைகள் பதிவாகாது. பேசியதாக நாம் நினைப்போம், மைக் திறந்தே இருக்காது. சுட்டியின் பக்கவாட்டு பட்டன்தான் நல்ல இடம். கட்டைவிரலுக்கு அங்கே வேறு வேலை இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்றால் கன்சோலில்:

```
bind mouse4 "+voicerecord"
```

வால் வெட்டுப்படுவதற்கு டிஸ்கார்டில் `Push to Talk Release Delay` இருக்கிறது. அதை 250 மில்லிசெகண்ட் பக்கம் ஏற்றினால் 'இல்ல' முழுசாகப் போய்ச் சேரும். இந்த வசதி இல்லாத கேமில், சொல் முடிந்தபின் ஒரு நொடி பிடித்திருந்து விடப் பழக வேண்டியதுதான்.

டிஸ்கார்ட் கீ டெஸ்க்டாப்பில் வேலை செய்து, கேமுக்குள் மட்டும் செத்துப்போனால், கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் டிஸ்கார்டையும் அப்படியே திறக்க வேண்டும். பிரவுசரில் திறந்த டிஸ்கார்ட் என்றால், கேம் முன்னால் இருக்கும்போது அந்தக் கீ கேட்காது.

இரண்டையும் கலந்து வைப்பதும் உண்டு, பலருக்கு இதுவே பொருந்தும். ஐந்து பேர் அணியில் மூவர் நண்பர்கள், டிஸ்கார்டில் ஓப்பன் மைக். மற்ற இருவரிடம் பேச கேமின் புஷ் டு டாக். பட்டனை அமுக்கிப் பேசினால் நண்பர்களுக்கு ஒரே வாக்கியம் டிஸ்கார்டிலும் கேமிலும் இரண்டு தடவை, சிறு இடைவெளியில் கேட்கும். இதற்கு டிஸ்கார்டின் `Keybinds` பக்கத்தில் `Push to Mute` சேர்த்து, கேமில் பேச வைத்திருக்கும் அதே பட்டனையே கொடுங்கள். அமுக்கினால் கேமில் திறக்கும், டிஸ்கார்டில் மூடும்.

செல்லூர்ப் பக்கம் தறி ஓடும் தெருவிலோ, வரிசையாக ஆட்கள் உட்காரும் கேமிங் சென்டரிலோ இதுவும் வேண்டாம். பக்கத்து சீட் குரலும் குரல்தான், எந்த அளவு வைத்தாலும் அது வாசலைத் தாண்டிவிடும். அங்கே எல்லாவற்றுக்கும் புஷ் டு டாக், பக்கவாட்டு பட்டனில்.