இசட் சார்பும் தோல்வி அட்டவணையும்: ஒரே தகவலின் இரு முனைகள்

திருநெல்வேலிச் சீமையின் பழைய நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து சேர்த்த ஒரு பெரிய கோப்பில் ஊர்ப் பெயர்களைத் தேடும் வேலை சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. இத்தகைய தேடலுக்குப் பாடப்புத்தகங்கள் முதலில் காட்டுவது நூத், மோரிஸ், பிராட் ஆகிய மூவர் 1977இல் வெளியிட்ட முறையையும் அதன் தோல்வி அட்டவணையையும்தான். நான் எழுதியது இசட் சார்பைக் கொண்டு. இரண்டும் நேர்கோட்டு நேரத்தில் முடிகின்றன என்பதால் எதை எடுத்தாலும் ஒன்றே என்று சொல்லிவிடுவது வழக்கம். வேகத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மைதான்; ஆனால் கையில் கிடைக்கும் தகவல் ஒன்றல்ல, வேலை சற்று மாறியவுடன் அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது.

ஒரு சரத்தின் `i` என்னும் இடத்தில் நின்று வலப்பக்கம் பார்க்கும்போது, அங்கிருந்து தொடங்கும் பகுதி சரத்தின் தொடக்கத்தோடு எத்தனை எழுத்து வரை ஒத்துப்போகிறது என்பதே `z[i]`. தோல்வி அட்டவணையோ இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது: `i` என்னும் இடத்தில் முடியும் பகுதிகளுள், முழுச் சரத்தின் தொடக்கமாகவும் அமையக்கூடிய மிக நீண்ட பகுதியின் நீளம் `p[i]`; சரம் முதலெழுத்திலிருந்து `i` வரை முழுவதுமாகச் செல்லும் அற்பமான பகுதி இதில் கணக்கில்லை. ஒன்று தொடங்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது, மற்றது முடியும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது.

எடுத்துக்காட்டுக்கு இரட்டைக்கிளவி மிகவும் வசதியானது. திரும்பத் திரும்ப வருவதே அதன் இயல்பு, `கலகல` போன்றவற்றில் கணினியிலும் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே குறியீடாக இருக்கிறது. `கலகலகடகலகல` என்ற பத்தெழுத்துச் சரத்தை எடுத்துக்கொள்வோம். இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால், ஐந்தாம் இடத்தில் மட்டும் ஒரு `ட` குறுக்கிடுகிறது. இசட் சார்பைக் கட்டும் நிரல் இவ்வளவுதான்:

```python
def z_function(s):
    n = len(s)
    z = [0] * n
    l = r = 0
    for i in range(1, n):
        if i < r:
            z[i] = min(r - i, z[i - l])
        while i + z[i] < n and s[z[i]] == s[i + z[i]]:
            z[i] += 1
        if i + z[i] > r:
            l, r = i, i + z[i]
    return z
```

இதில் `l` முதல் `r` வரையிலான சாளரம், இதுவரை கண்ட பொருத்தங்களுள் வலப்பக்கம் மிகத் தொலைவு எட்டியது; `r` என்பது அதன் கடைசி எழுத்துக்கு அடுத்த இடம். இரண்டாம் இடத்தில் `கலக` என்று மூன்று எழுத்துகள் ஒத்துப்போய், `ல` வரவேண்டிய இடத்தில் `ட` வந்து நிற்கிறது. ஆகவே `z[2]` மூன்று, சாளரம் 2 முதல் 5 வரை. மூன்றாம் இடம் இந்தச் சாளரத்துக்குள் இருக்கிறது. சாளரம் முழுவதும் சரத்தின் தொடக்கத்தினுடைய நகல் என்பதால், அதன் விடை ஒன்றாம் இடத்தின் விடையான சுழியமே. நான்காம் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் நகல் இரண்டாம் இடம், அங்கே விடை மூன்று. ஆனால் சாளரத்துக்குள் மீதமிருப்பது ஒரே ஓர் எழுத்து. அந்த எல்லைக்கு அப்பால் நகல் எதையும் உறுதி சொல்லாது. ஆகவே ஒன்றை மட்டும் நம்பிக்கையோடு எடுத்துக்கொண்டு, எல்லைக்கு வெளியே எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அங்கே `ட` நிற்பதால் விடை ஒன்றோடு முடிகிறது. ஆறாம் இடத்தில் நான்கு எழுத்துகள் ஒத்துப்போய்ச் சரம் முடிகிறது, எட்டாம் இடத்தில் இரண்டு. முதல் இடத்தைச் சுழியமாக விட்டால் முழு அணி 0, 0, 3, 0, 1, 0, 4, 0, 2, 0.

இந்த நிரலை மனப்பாடமாக எழுதுவோர் அடிக்கடி தவறவிடுவது அந்த `min`தான். அது இல்லாவிட்டால் நான்காம் இடத்தில் மூன்றிலிருந்து ஒப்பீடு தொடர்ந்து ஐந்து என்ற பொய் விடை வரும். எட்டாம் இடத்தில் இரண்டே எழுத்துகள் மீதமிருக்க மூன்று என்று வரும். இந்தப் பிழை எல்லாச் சரத்திலும் தலைகாட்டாது. எழுத்துகள் திரும்ப வராத சொற்களில் நிரல் சரியாகவே ஓடுவதால், சோதனைக்கு இரட்டைக்கிளவி போன்ற ஒன்றைக் கொடுத்து, எந்த இடத்திலாவது `i + z[i]` சரத்தின் நீளத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதுதான் விரைவான வழி.

உள்ளே ஒரு மடக்கு இருந்தும் ஓட்டம் நேர்கோட்டில் நிற்பதற்குக் காரணம் எளிது. நகலின் விடை சாளரத்துக்குள் முழுமையாக அடங்கிவிட்டால் முதல் ஒப்பீடே தோற்றுப்போகும். அடங்காவிட்டால் ஒப்பீடு சரியாக `r` என்னும் இடத்தில் தொடங்கும். எனவே வெற்றி பெறும் ஒவ்வோர் ஒப்பீடும் `r`ஐ ஓரடி வலப்பக்கம் தள்ளுகிறது, `r` ஒருபோதும் பின்வாங்குவதில்லை. தோற்கும் ஒப்பீடு ஓரிடத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. ஆக மொத்தம் `2n`ஐத் தாண்டாது. மேலே உள்ள சரத்தில் எண்ணிப் பார்த்தால் வெற்றி ஏழு, தோல்வி ஏழு.

அதே சரத்தின் தோல்வி அட்டவணை 0, 0, 1, 2, 3, 0, 1, 2, 3, 4. ஐந்தாம் இடத்தின் `ட` வரும்போது, கையில் இருந்த மூன்றிலிருந்து ஒன்றுக்கும் ஒன்றிலிருந்து சுழியத்துக்கும் படிப்படியாக இறங்கி, மூன்று ஒப்பீடுகளிலும் தோற்க வேண்டியிருக்கிறது. அந்த இறக்கம் எங்கேயாவது நீண்டுவிடாதா என்ற ஐயத்துக்கு விடை, ஏற்றம் ஓரிடத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்பது. ஏறாத படியிலிருந்து இறங்க முடியாது. இந்தக் கட்டுமானத்துக்கு மொத்தம் பதினோரு ஒப்பீடுகள் ஆகின்றன. இசட் சார்புக்கு ஆன பதினான்கில், நகலின் விடை உறுதியாகத் தெரிந்த மூன்று இடங்களில் நடந்த வீண் ஒப்பீடுகளைத் தவிர்த்தால் அதுவும் பதினொன்றே.

இரண்டு அட்டவணைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கட்டலாம் என்பது புலப்படும். நான்காம் இடத்தை இரண்டு பொருத்தங்கள் மூடுகின்றன: இரண்டில் தொடங்கி மூன்று எழுத்து நீளும் ஒன்று, நான்கிலேயே தொடங்கும் ஓரெழுத்து ஒன்று. இவற்றுள் முன்னதாகத் தொடங்குவதே நீளமானது என்பதால் `p[4]` மூன்று. ஓரிடத்தை மூடும் பொருத்தங்களுள் மிக இடப்பக்கம் தொடங்குவதைத் தோல்வி அட்டவணை வைத்துக்கொள்கிறது; மற்றவற்றை அடைய அதன் வழியாகவே இறங்கிச் செல்ல வேண்டும். இசட் அணியில் எல்லாப் பொருத்தங்களும் தத்தம் தொடக்க இடத்திலேயே வெளிப்படையாக நிற்கின்றன.

இந்த வேறுபாடு தேடலில் முதலில் தென்படும் இடம், பலரும் கவனிக்காத பிரிப்பான் குறி. தேடுசொல், அதன் பின் `#`, அதன் பின் உரை என்று ஒட்டி, எங்கே விடை தேடுசொல்லின் நீளமான `m`க்குச் சமம் என்று பார்ப்பது எல்லோரும் எழுதும் முறை. எனக்கு வந்த கோப்பில் சில ஊர்ப் பெயர்களை ஒட்டிச் சர்வே எண்ணுக்கு முன்னால் `#` போட்டிருந்தார்கள். அந்த இடங்களில் பொருத்தம் பிரிப்பானையும் விழுங்கிக்கொண்டு நீண்டதால் `z[i] == m` என்ற சோதனை பொய்த்து, கண்ணுக்கு எதிரே இருக்கும் ஊர் காணாமல் போனது. தீர்வு வேறு குறியைத் தேடுவது அன்று. `z[i] >= m` என்று எழுதினால் போதும். `i` என்னும் இடத்தில் தொடக்கத்தின் `m` எழுத்துகளும் ஒத்துப்போனால் அதுவே பொருத்தம், அதற்கு மேல் எவ்வளவு நீண்டாலும் கெடுதல் இல்லை. உண்மையில் பிரிப்பானே தேவையில்லை.

தோல்வி அட்டவணையில் இந்தச் சலுகை கிடைக்காது. `கல` என்பதை `கலகல` என்பதில் தேடப் பிரிப்பானின்றி ஒட்டினால் `கலகலகல` ஆகிறது. தோல்வி அட்டவணை 0, 0, 1, 2, 3, 4. நான்காம் இடத்தில் மூன்று இருக்கிறது, அது இரண்டைவிடப் பெரியது. ஆனால் அங்கே முடிவது `க`, தேடுசொல்லின் ஈறோ `ல`. ஆகவே அங்கே பிரிப்பான் கட்டாயம், அல்லது தேடுசொல்லுக்கு மட்டும் அட்டவணை கட்டி உரையைத் தனியே ஓட்டிப் பார்க்கும் மூல முறைக்குத் திரும்ப வேண்டும். என் கருத்தில் அந்த மூல முறையே நல்லது. ஒட்டி எழுதுவது சோம்பேறித்தனம்.

நினைவகத்தைக் காட்டி இசட் சார்பைக் குறைசொல்வது வழக்கம். உரையையும் ஒட்டினால் அணி உரையின் நீளத்துக்கு வளர்கிறது என்பது சரிதான். ஆனால் இசட் அணியையும் தேடுசொல்லுக்கு மட்டும் கட்டி, உரையின்மேல் சாளரத்தை மட்டும் நகர்த்தலாம். `r`க்கு இடப்பக்கம் உள்ள உரை எழுத்துகளை மீண்டும் படிக்க வேண்டியதில்லை என்பதால், எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருக்கும் உரைக்கும் அது பொருந்தும். தோல்வி அட்டவணை உண்மையிலேயே முந்துவது வேறோர் இடத்தில். ஆயிரம் ஊர்ப் பெயர்களை ஒரே ஓட்டத்தில் தேட வேண்டுமானால், அந்த அட்டவணையின் கருத்தே பெயர்களின் கிளை மரத்தின்மேல் விரிந்து, ஆஹோவும் கோராசிக்கும் 1975இல் வெளியிட்ட முறையாக அமைகிறது. முடியும் இடத்தின் நிலையை ஒரே எண்ணில் சுருக்கி வைத்திருப்பதன் பலன் அது.

எனக்கு வந்த வேலை மாறியது வேறு திசையில். பத்திரம் எழுதியவர்கள் ழகரத்தையும் ளகரத்தையும் மாற்றி எழுதியிருந்தார்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே உரையை முன்னிருந்து ஒரு முறையும், தேடுசொல்லையும் உரையையும் தலைகீழாக்கி ஒரு முறையும் இசட் சார்பில் ஓட்டினேன். முதலாவது, ஓரிடத்தில் தொடங்கித் தேடுசொல்லின் முன்பகுதி எத்தனை எழுத்து பொருந்துகிறது என்று சொல்லும். இரண்டாவது, ஓரிடத்தில் முடியுமாறு அதன் பின்பகுதி எத்தனை பொருந்துகிறது என்று சொல்லும். உரையில் `ஆள்வார்திருநகரி` என்று இருந்து, தேடுவது `ஆழ்வார்திருநகரி` என்றால், மெய்யையும் உயிர்மெய்யையும் ஓரெழுத்தாகப் பிரித்த கணக்கில் ஒன்பது எழுத்து. முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஏழு, கூட்டினால் எட்டு. `m - 1` வந்துவிட்டால் பிசகு ஒன்றுதான். இப்படி எழுத்தாகப் பிரிக்காமல் கணினியின் குறியீடுகளை அப்படியே எண்ணினால் `ர` என்பதும் `ரா` என்பதும் நீளத்திலேயே வேறுபட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

எழுத்து விடுபட்டிருந்தாலும் அதே இரு அணிகள் போதும், உரையில் ஒப்பிடும் பகுதியின் முடிவை ஓரிடம் முன்னால் இழுக்க வேண்டும். `கல்லிடைக்குறிச்சி` ஒன்பது எழுத்து; உரையில் ஒற்றை விட்டு `கல்லிடைகுறிச்சி` என்று எட்டெழுத்தாக இருந்தால், முன்னிருந்து `கல்லிடை` நான்கு, பின்னிருந்து `குறிச்சி` நான்கு, கூட்டுத்தொகை மீண்டும் எட்டு. ஓர் எழுத்து மிகுந்திருந்தால் `m + 1` நீளத்தில் கூட்டுத்தொகை `m`க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிழையில்லாத பெயர்களும் இந்த வலையில் வந்து விழும் என்பதால், `z[i] >= m` ஆன இடங்களை முதலிலேயே தனியே எடுத்துவிட்டேன்.