'டிக் டிக்' சத்தம் வரும் ஹார்ட் டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கும் முன்

என் தங்கையின் திருமணப் படங்கள் இருந்த 1 டிபி வன்தட்டை, ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு கணினிக் கடையின் தவறான முதல் முயற்சியால் இழந்துவிட்டேன். வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மேசையிலிருந்து தவறி விழுந்த பிறகு, அந்த வன்தட்டு கணினியில் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது, இடையிடையே 'டிக் டிக்' என்றது, பின்னர் கோப்பு அமைப்பை அடையாளம் காண முடியவில்லை என்று பொருள்படும் RAW என்பதைக் காட்டி ஃபார்மட் செய்யச் சொன்னது. விழுந்ததையும் சத்தத்தையும் நான் கடைக்காரரிடம் சொன்னேன். அவரோ RAW என்பதை மட்டும் பார்த்து, "இது சாஃப்ட்வேர் கோளாறுதான் அக்கா, இரண்டு நாளில் எடுத்துவிடலாம்" என்று 350 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். நடுவே ஒருமுறை RAW என்று காட்டாமல் வன்தட்டு திறந்தபோது, வட்டுப் பிழைகளைத் தேடித் திருத்தும் இந்த விண்டோஸ் கட்டளையை இரவு முழுவதும் ஓட்டியிருக்கிறார்:

```
chkdsk E: /r
```

மறுநாள் வன்தட்டைக் கணினி அடையாளம் காணவே இல்லை. கோலாலம்பூரில் உள்ள தரவு மீட்பு ஆய்வகத்தில் திறந்து பார்த்தபோது, உள்ளிருக்கும் தட்டின் மேற்பரப்பு வட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எவராலும் மீட்க முடியாது.

RAW என்ற ஒரே அறிகுறி இரண்டு வேறுபட்ட நோய்களுக்கும் பொதுவானது என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. தருக்கக் கோளாறில் வன்தட்டு நலமாகவே இருக்கும். எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற அட்டவணை மட்டும் கெட்டிருக்கும். அப்போது சத்தம் வராது, கொள்ளளவு சரியாகத் தெரியும், திரும்பத் திரும்பப் படிப்பதால் சேதம் பெரிதாகாது. பௌதிகக் கோளாறில் அட்டவணை ஒழுங்காகவே இருந்தாலும், அது எழுதப்பட்ட பகுதியைப் படிக்க முடியாததால் கணினி அதையும் RAW என்றே காட்டக்கூடும். தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய இடைவெளியில் தட்டின் மேல் மிதக்கும் படிப்பான் சேதமடைந்திருந்தால், ஒவ்வொரு முறை படிப்பதும் காயத்தைப் பெரிதாக்கலாம். chkdsk-இன் /r தேர்வு பகுதியின் மூலை முடுக்கெல்லாம் படிப்பதோடு, திருத்தங்களை அதே வன்தட்டில் எழுதவும் செய்கிறது.

ஆகவே சத்தம் வந்தாலோ, விழுந்திருந்தாலோ, கொள்ளளவு தவறாகத் தெரிந்தாலோ, மறுபடி மின்சாரம் கொடுக்காமல் நேரே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். சத்தமே இல்லையென்றால், வன்தட்டின் நலத்தைக் காட்டும் CrystalDiskInfo என்ற மென்பொருளில் C5 என்ற வரியைப் பாருங்கள். படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை அது. அது சுழியமாக இருந்து வேகமும் வழக்கம்போல் இருந்தால், தருக்கக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போதும் முதலில் முழு வன்தட்டையும் இன்னொன்றில் நகலெடுத்து, மீட்பு மென்பொருளை அந்த நகலில்தான் ஓட்ட வேண்டும்.

கடையில் கொடுப்பதானால், "நகலெடுத்த பிறகுதான் வேலை செய்வீர்களா, மூல வன்தட்டில் எதையும் எழுதுவீர்களா?" என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வேலை செய்ததற்கான கூலி அது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.